புட்டியின் மூடியும் பீரோவின் சாவியும்

குழந்தைகளுக்கு இரத்தச் சோகை வராமல் தடுப்பதற்காக, ஆறு மாதம் நிறைந்தது முதல் ஐந்து வயது நிறையும் வரை, வாரத்திற்கு இரு முறை இரும்புச் சத்து சிரப் கொடுப்பது 2018-ல் இந்திய அரசு தொடங்கிய இரத்தச் சோகை ஒழிப்புத் திட்டத்தின் ஓர் அங்கமாகும். ஒரு வேளைக்கு 1 மில்லி லிட்டர் அளவு. அதில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் அடங்கியுள்ளன. தாயாரிடம் தரப்படும் புட்டியில் 50 மில்லி லிட்டர் மருந்து இருக்கும். வாரத்திற்கு இரண்டு வேளை வீதம் அது 25 வாரங்களுக்கு வரும். ஆகவே ஒரு புட்டி ஏறக்குறைய அரை வருடம் வீட்டில் குடியிருக்கிறது. காய்ச்சலுக்கோ இருமலுக்கோ வாங்கிய மருந்து ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், அல்லது மறக்கப்பட்டுவிடும். இது அப்படியல்ல. கோடை, மழை இரண்டையும் கண்டுவிட்டுத்தான் இது வீட்டைவிட்டுப் போகிறது.

இந்தத் திட்டத்தின் பயனைப் பற்றி இங்கே விவாதம் எதுவும் இல்லை. மருந்து எந்த அளவில் கொடுக்கப்படுகிறதோ அந்த அளவில் அது நன்மையே செய்கிறது. ஆனால் ஒரு வேளை அளவைப் பற்றிச் சொல்பவர்கள் புட்டியின் மொத்த அளவைப் பற்றிச் சொல்வதில்லை. 50 மில்லி லிட்டரில் இருக்கும் இரும்பு 1,000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அதை முழுவதும் குடித்துவிட்டால் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 மில்லிகிராம் இரும்பு உள்ளே சென்றதாகிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் வயிற்றுக் கோளாறு தோன்றக்கூடும் என்றும், 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கு அபாயம் உண்டு என்றும் நஞ்சியல் நூல்கள் கூறுகின்றன. மாதக் கணக்கில் சிறுகச் சிறுக நன்மை செய்வதற்கென்று நிரப்பப்பட்ட புட்டி, ஒரே மூச்சில் காலியானால், கொல்லக்கூடிய புட்டியாக மாறிவிடுகிறது.

இரும்பு ஏன் இவ்வளவு கொடியது என்ற கேள்வி எழுவது இயல்பே. கீரையிலும் வெல்லத்திலும் இருக்கும் பொருள்தானே என்று பலர் நினைக்கிறார்கள். உணவில் வரும் இரும்பு மிகக் குறைவு. குடல் தனக்கு வேண்டியதை மட்டும் அளந்து உள்ளே விடுகிறது. உப்பு வடிவில் ஏராளமான இரும்பு ஒருங்கே வந்து சேரும்போது இரைப்பையின் உட்சுவர் முதலில் வெந்து புண்ணாகிறது. காவல் உடைந்த அந்தச் சுவர் வழியே இரும்பு தங்குதடையின்றி இரத்தத்தில் ஏறுகிறது. இரத்தத்தில் இரும்பைத் தாங்கிச் செல்லும் புரதத்தால் சுமக்க முடிந்த அளவு போக மிஞ்சிய இரும்பு ஈரல், இருதயம் ஆகியவற்றின் உயிரணுக்களைத் தாக்குகிறது. மிகையான இரும்பை வெளியேற்றுவதற்கு மனித உடலில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. யூரியாவைப் போல அது சிறுநீரில் கழிந்து போவதில்லை.

இனி மூடியைப் பற்றிப் பார்க்கலாம். இந்தியாவில் மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிரப் புட்டிகளில் மிகப் பெரும்பாலானவை அலுமினியத் திருகு மூடி போட்டவை. முதன் முறை திறக்கும்போது மூடியின் அடியில் உள்ள வளையம் அறுந்து தனியே நின்றுவிடும். வளையம் அறுபடாமல் இருந்தால் புட்டியை எவரும் திறந்து கலப்படம் செய்யவில்லை என்று பொருள். வாங்குபவருக்கு அது ஓர் உறுதிமொழி. குழந்தையைப் பொறுத்தவரை அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனெனில் வளையம் அறுந்தபின் அது தண்ணீர்ப் புட்டியின் மூடியைவிடச் சுலபமாகத் திரும்பும். ஆயினும் ‘சீல்’ வைத்த புட்டி என்பதால் அது பாதுகாப்பானது என்று படித்தவர்களும் எண்ணுவதைக் காணலாம். இரண்டும் வெவ்வேறு காவல்கள். ஒன்று கள்ளனுக்கு, மற்றது குழந்தைக்கு.

குழந்தைக்கென்று அமைந்த மூடி வேறு வகைப்பட்டது. கானடாவின் வின்ட்ஸர் நகரத்தில் குழந்தை வைத்தியராக இருந்த ஹென்றி பிரோ, நஞ்சுண்ட குழந்தைகள் ஓயாமல் தம்மிடம் கொண்டுவரப்படுவதைக் கண்டு மனம் வெதும்பி, இதற்கு ஒரு வழி காணவேண்டும் என்று முனைந்தார். அவ்வூரிலேயே கருவிகள் செய்யும் தொழில் நடத்திய பீட்டர் ஹெட்ஜ்விக் 1967-ல், உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினாலன்றித் திறவாத மூடி ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அழுத்தாமல் திருகினால் வெளி மூடி மட்டும் ‘டக் டக்’ என்ற ஓசையுடன் சுற்றிக்கொண்டிருக்கும். உள் மூடி அசையாது. இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் செய்யவேண்டும் என்பதே இதன் சூட்சுமம். சிறு குழந்தையின் கைக்குப் பலம் போதாது. பலம் இருந்தாலும் இரண்டையும் இணைத்துச் செய்யும் யுக்தி தோன்றாது. அமெரிக்காவில் 1970-ல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, 1972-ல் ஆஸ்பிரின் முதலான பொருள்களுக்கு இத்தகைய அடைப்புக் கட்டாயமாக்கப்பட்டது.

அச்சட்டத்தின்கீழ் மூடியைச் சோதிக்கும் முறை சுவாரசியமானது. மூன்றரை வயதுக்கும் நாலேகால் வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளை ஐம்பது ஐம்பது பேர் கொண்ட குழுக்களாகத் திரட்டி, அவர்கள் கையில் புட்டியைக் கொடுத்து, ‘இதைத் திறந்து காட்டு, பார்க்கலாம்’ என்று சொல்கிறார்கள். ஐந்து நிமிடம் அவகாசம். அதற்குள் திறக்காத குழந்தையின் கண்ணெதிரே ஒருவர் வாய்பேசாமல் புட்டியைத் திறந்து காட்டுகிறார். பிறகு மேலும் ஐந்து நிமிடம். வேண்டுமானால் பல்லையும் பயன்படுத்தலாம் என்றும் சொல்லப்படுகிறது. திறந்து காட்டுவதற்கு முன்பு நூற்றுக்கு 85 குழந்தைகளும், முழுப் பத்து நிமிடங்களின் முடிவில் நூற்றுக்கு 80 குழந்தைகளும் தோற்றுப்போனால் மூடி தேறியதாகக் கொள்கிறார்கள். இதனுடன் மற்றொரு சோதனையும் உண்டு. ஐம்பது முதல் எழுபது வயது வரையுள்ள பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத் திறந்து, மறுபடியும் சரியாக மூடவேண்டும். தாத்தா திறக்க முடியாத மூடி திறந்தபடியே கிடக்கும் என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்தக் கணக்கை ஊன்றிக் கவனித்தால் ஓர் உண்மை புலனாகும். தேறிய மூடியைக்கூட ஐந்தில் ஒரு குழந்தை பத்து நிமிடத்தில் திறந்துவிடலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆகையால் இது பூட்டு அன்று, கால தாமதம். தாயார் அடுப்படியிலிருந்து திரும்பி வரும்வரை குழந்தையைத் திணற வைக்கும் ஒரு தடை, அவ்வளவே. அந்தச் சில நிமிடங்களின் விலையோ மிகப் பெரிது.

இந்தத் தடை எந்தெந்த மருந்துக்கு வேண்டும் என்பதை அமெரிக்க விதிகள் வகுத்திருக்கும் முறை இந்தியாவுக்கும் பொருந்தக்கூடியது. அங்கே ஒரு வேளை அளவைப் பார்ப்பதில்லை. ஒரு புட்டியில் உள்ள மொத்த அளவைப் பார்க்கிறார்கள். இரும்பு மருந்தானால், ஒரு புட்டியில் 250 மில்லிகிராம் இரும்போ அதற்கு மேலோ இருந்தால் இந்த மூடி அவசியம். பாரசிட்டமால் ஆனால், ஒரு கிராமுக்கு மேல் இருந்தால் அவசியம். இந்த அளவுகோலை வைத்து இந்திய வீடுகளில் உள்ள புட்டிகளை அளந்து பார்க்கவேண்டும். மேலே கூறிய இரும்பு சிரப் புட்டியில் அந்த எல்லையைப் போல நான்கு மடங்கு இரும்பு இருக்கிறது. கடையில் விற்கும் இரும்பு டானிக்குகளில் 5 மில்லி லிட்டருக்கு 30 மில்லிகிராம் இரும்பு உள்ளவை உண்டு. அத்தகைய டானிக் 150 மில்லி லிட்டர் புட்டியில் வந்தால் அதில் 900 மில்லிகிராம் இருக்கும். பாரசிட்டமாலிலும் இதே நிலைதான். 5 மில்லி லிட்டருக்கு 125 மில்லிகிராம் உள்ள 60 மில்லி லிட்டர் புட்டியில் மொத்தம் ஒன்றரை கிராம். 250 மில்லிகிராம் உள்ளதில் மூன்று கிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் மில்லி லிட்டர் ஒன்றுக்கு 100 மில்லிகிராம் வீதம் உள்ள 15 மில்லி லிட்டர் புட்டியிலும் அதே ஒன்றரை கிராம். கட்டை விரல் அளவான அந்தச் சிறு புட்டியைப் பார்த்து, ‘இதில் என்ன இருக்கப் போகிறது?’ என்று ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுகிறவர்கள் பலர். அது பெரிய புட்டிக்குச் சமம்.

இந்தியாவில் எல்லாக் குழந்தை சிரப்புகளுக்கும் பொதுவாக இத்தகைய மூடி கட்டாயம் என்ற நிலை இல்லை. இருக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதுவும் மருந்தின் பெயர்களை வரிசையாக அடுக்கிச் செய்வதைவிட, புட்டியின் மொத்தச் சத்தை எல்லையாக வைத்துச் செய்வதே விவேகம். இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழுவது நிச்சயம். முதலாவது விலை. அழுத்தித் திருகும் மூடி சாதாரண மூடியைவிடச் சற்று அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. லட்சக்கணக்கில் சர்க்காரே கொள்முதல் செய்யும் இரும்பு சிரப்பிலிருந்து இதைத் தொடங்கினால், ஒரே வகை மூடி பெருவாரியாகத் தயாராகி அந்த வேறுபாடு குறைய இடமுண்டு. ஏற்கெனவே அப்புட்டிக்கு 1 மில்லி லிட்டர் மட்டும் அளந்து விடும் கருவி ஒன்று பொருத்தப்படவேண்டும் என்று திட்டம் வகுத்திருக்கிறது. அந்தக் கருவி ஒழுங்காக இருக்கும்வரை குழந்தை புட்டியைக் கவிழ்த்துக் குடிக்க இயலாது. சர்க்கரைப் பாகு காய்ந்து அது அடைத்துக்கொண்டால், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் புட்டியை வைத்துக்கொள்ள வீட்டார் முற்படலாம். வெந்நீரில் நனைத்த துணியால் வாரம் ஒரு முறை துடைத்தால் அடைப்பு நேராது. பிடுங்கிய புட்டியைச் சுகாதாரப் பணியாளரிடம் காட்டி மாற்றிக்கொள்வது நலம்.

இரண்டாவது ஆட்சேபம் சற்று நுட்பமானது. நல்ல மூடி வந்துவிட்டால் வீட்டார் கவனக் குறைவாகிவிடுவார்கள் என்பது அது. அமெரிக்கப் பொருளியலாளர் கிப் விஸ்குஸி 1984-ல் இந்த வாதத்தைப் புள்ளிவிவரங்களுடன் எடுத்துரைத்தார். இதை அசட்டை செய்வதற்கில்லை. மூடியை நம்பிப் புட்டியை மேஜைமேல் விட்டுவிடுவதும், அரைகுறையாகத் திருகிவிட்டுப் போவதும் எங்கும் நடப்பவையே. அரைகுறையாக மூடிய காவல் மூடி காவலே அல்ல. ஆனால் இந்த வாதம் காட்டுவது மூடி வேண்டாம் என்பதையன்று. மூடி மட்டும் போதாது என்பதையே. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டவன் பெட்டியைத் திறந்து வைக்கிறான் என்பதற்காகத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது யாருக்கும் உசிதமாகத் தோன்றாது.

அப்படியானால் புட்டியை எங்கே வைப்பது? ‘குழந்தைக்கு எட்டாத உயரத்தில், குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று உறைமேல் அச்சிட்டிருக்கிறது. எழுதியவர் இந்திய வீட்டை நினைத்து எழுதினாரா என்பது சந்தேகமே. நாக்பூரில் மே மாதப் பகல் வெப்பம் 42 டிகிரியை எட்டுவது சகஜம். அங்கே தகரக் கூரையோ கல்நார்த் தகடோ வேய்ந்த வீட்டில் உயரமான இடமே அதிக உஷ்ணமான இடம். சூடான காற்று மேலே சென்று தங்குவதாலும், கூரையே அனலைக் கீழ்நோக்கி வீசுவதாலும், பரணும் சுவரின் உச்சிப் பலகையும் நடுப்பகலில் அடுப்பங்கரையைப் போல இருக்கும். குளிர்ந்த இடமோ தரையை ஒட்டிய மூலையும் தண்ணீர்ப் பானையின் அருகும். அது தவழும் குழந்தையின் ராஜ்யம். ஆகவே அந்த ஒரே வாக்கியத்தில் உள்ள இரண்டு கட்டளைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. உயரம் என்பதற்கும் ஒரு வயது வரம்பு உண்டு. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறத் தெரிந்த மூன்று வயதுக் குழந்தைக்கு எட்டாத உயரம் என்று ஒன்று சாதாரண வீட்டில் கிடையாது.

இந்த மோதலைத் தீர்ப்பது உயரமல்ல, சாவி. பெரும்பாலான வீடுகளில் துணிமணியும் பத்திரங்களும் வைக்கும் பீரோ ஒன்று இருக்கிறது. இல்லாத வீட்டில் பூட்டுள்ள டிரங்குப் பெட்டியாவது இருக்கிறது. வெளிச் சுவரை ஒட்டாமல், மேற்கு வெயில் படாமல், உள் அறையில் நிற்கும் பீரோவின் நடுத் தட்டு, வீட்டில் உஷ்ணம் மிகக் குறைவாக ஏறி இறங்கும் இடங்களில் ஒன்று. துணிகள் சூழ்ந்திருப்பதும் ஒருவகைக் காப்பே. பீரோவுக்குள் ஒரு சாதாரண உஷ்ணமானியை இரண்டு நாள் வைத்துப் பிற்பகல் மூன்று மணிக்குப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நகைக்குச் சாவி போடும் வீட்டில் மருந்துக்கும் அதே சாவி போதும். பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரையும், கர்ப்பிணிக்குத் தரப்படும் சிவந்த, சர்க்கரைப் பூச்சிட்ட இரும்பு மாத்திரையும் அங்கேயே சேரவேண்டும். அந்த மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நிறத்திலும் இனிப்பிலும் அது மிட்டாயை ஒத்திருப்பது துரதிருஷ்டம். குழந்தையை ஏய்க்க மருந்தை மிட்டாய் என்று சொல்லும் பழக்கம் அந்தத் துரதிருஷ்டத்தை இரட்டிப்பாக்குகிறது.

உஷ்ணத்தைக் குறித்து மிகையான பயமும் வேண்டாம். ‘30 டிகிரிக்கு மேற்படாமல் வைக்கவும்’ என்றால் 31 டிகிரியில் மருந்து நஞ்சாகிவிடும் என்று பொருளல்ல. தயாரிப்பாளர்கள் மருந்தை 40 டிகிரியில் ஆறு மாதம் வைத்துச் சோதிக்கும் வழக்கம் உண்டு. மருந்தைச் சிதைக்கும் இரசாயன மாறுதல் எந்த உஷ்ணத்திலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பத்து டிகிரி ஏறினால் அதன் வேகம் ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று மடங்காகிறது. கடையிலிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம் வெயிலில் கொண்டுவந்ததால் அதிகம் கெடாது. கோடை முழுவதும் பரணில் கிடந்தது வேறு கதை. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியின் உள்ளே 50 டிகிரிக்கு மேலும் ஏறும். அங்கே புட்டியை விட்டுவைக்கலாகாது. புட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி, உறையில் கண்டபடி பாதுகாத்தால் மட்டுமே செல்லுபடியாகும் ஓர் ஒப்பந்தம். மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை என்று கொள்ளவேண்டும். வீட்டார் தம் பங்கை மீறினால் தயாரிப்பாளரின் வாக்கும் அற்றுப்போகிறது. அதில் எத்தனை மாதம் குறைந்தது என்று கணக்கிட வீட்டில் வழியில்லை. இரும்பு சிரப் முன்னைவிடக் கருத்துப் பழுப்பேறினாலும், அடியில் கசடு தங்கி, குலுக்கியும் கலவாமல் நின்றாலும் அதை ஒதுக்கிவிடுவதே சரி.

எல்லா சிரப்பையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சிலர் கருதுகிறார்கள். சாதாரணப் பாரசிட்டமால் சிரப்புக்கோ இரும்பு சிரப்புக்கோ அது தேவையில்லை. குளிரில் சர்க்கரை படிந்து மூடி இறுகிக்கொள்வதும் உண்டு. அதைவிட முக்கியமாக, அந்தப் பெட்டி குழந்தை நாள்தோறும் தின்பண்டம் தேடித் திறக்கும் இடம். கதவின் உட்புறத் தட்டு அதன் கண்ணுக்கு நேரே இருக்கிறது. குளிர் அவசியமானது ஒரு வகை மருந்துக்குத்தான். தூளாக வந்து, தண்ணீர் கலந்து சிரப்பாக்கப்படும் சில கிருமி எதிர்ப்பு மருந்துகளே அவை. அமாக்ஸிஸிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த தூளை எடுத்துக்கொள்ளலாம். உலர்ந்த நிலையில் அது அச்சிட்ட தேதிவரை நிலைத்திருக்கும். காய்ச்சி ஆறிய நீரை அம்புக் குறி வரை ஊற்றிக் குலுக்கிய நிமிடத்திலிருந்து தண்ணீரே அந்த மருந்தைப் பிளக்கத் தொடங்குகிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தால் ஏழு நாள் தாங்கும். அதற்குப் பிறகு, அச்சிட்ட தேதி இரண்டு வருடம் தள்ளி இருந்தாலும், அந்தத் தேதிக்கு அர்த்தம் கிடையாது. அடுத்த மாதம் குழந்தைக்கு மறுபடியும் காது வலி கண்டபோது, ‘இன்னும் தேதி இருக்கிறதே’ என்று அலமாரியில் மிஞ்சியிருந்ததைக் கொடுக்கும் தாயார் அச்சிட்டதை நம்பியே கொடுக்கிறார். தவறு அவருடையது என்று சொல்லிவிடுவது எளிது. ‘கலந்த நாள்’ என்று ஒரு வெற்றிடக் கோடு எல்லாப் புட்டியிலும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துபோகும். குளிர்சாதன வசதி இல்லாத வீட்டில், ஈர மணலில் புதைத்த மண் பானை சில டிகிரி குறைக்குமேயன்றி 8 டிகிரிக்குக் கொண்டுவராது. அங்கே வைத்தியரிடம் நிலைமையைச் சொல்லி, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரை தரமுடியுமா என்று கேட்பது உத்தமம். ஒவ்வொன்றாக உறையில் அடைத்த மாத்திரைக்கு உஷ்ணமும் குறைவாகவே கெடுதல் செய்கிறது. குழந்தை ஒரே மூச்சில் விழுங்குவதும் கடினமாகிறது.

மீண்டும் இரும்பு சிரப்புக்கு வரலாம். புட்டி வீட்டுக்கு வந்த நாளைப் பென்சிலால் உறையில் எழுதி, மருந்தின் மட்டத்தில் சிறு கோடு ஒன்று இட்டு, ஒவ்வொரு முறையும் கோட்டை இறக்கி வருவது அற்பக் காரியமாகத் தோன்றும். அதன் உபயோகம் ஒரு விபத்தில் தெரியும். இரண்டு வயது, பத்துக் கிலோ எடை உள்ள குழந்தை ஒன்றின் கையில், ஐந்து வாரம் வழங்கிய புட்டி அகப்பட்டதாக வைத்துக்கொள்ளலாம். பத்து வேளை போக 40 மில்லி லிட்டர் இருந்திருக்கவேண்டும். கோடும் அதையே காட்டுகிறது. இப்பொழுது புட்டியில் 10 மில்லி லிட்டர் நிற்கிறது. சட்டையில் கொஞ்சம் சிந்தியிருக்கிறது. எவ்வளவு சிந்தியது என்று ஊகிக்கலாகாது. குறைந்த 30 மில்லி லிட்டரும் வயிற்றுக்குள் சென்றது என்றே கொள்ளவேண்டும். இந்த வயதுக் குழந்தையின் ஒரு மிடறு ஏறத்தாழ 5 மில்லி லிட்டர் என்பதால், ஆறு மிடறில் அவ்வளவும் போய்விடும். அதற்கு அரை நிமிடம் போதும். முப்பதை இருபதால் பெருக்கினால் 600 மில்லிகிராம். எடையால் வகுத்தால் கிலோவுக்கு 60 மில்லிகிராம். அபாய எல்லையில் வந்து நிற்கிறது. கோடு இல்லாவிட்டால் புட்டி நிறைந்திருந்ததா, பாதியா என்று வீட்டார் தர்க்கித்துக்கொண்டிருப்பார்கள். வைத்தியருக்கும் கணக்கு கிடைக்காது.

இந்நிலையில் உப்பு நீர் ஊற்றியோ விரலை விட்டோ வாந்தியெடுக்கச் செய்யலாகாது. குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்கலாகாது. இரும்பு நஞ்சு முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். சில சமயம் இரத்தமும் கலந்திருக்கும். பிறகு அவை நின்று, குழந்தை தேறிவிட்டது போலத் தோன்றும் ஓர் இடைவேளை வருவதுண்டு. அந்த அமைதியை நம்பி வீட்டுக்குத் திரும்பியவர்களின் குழந்தைகள் அடுத்த நாள் நாடி தளர்ந்து, ஈரல் கெட்டு, மீட்க இயலாத நிலையை அடைந்தது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. பாரசிட்டமாலில் இந்த ஏமாற்றம் இன்னும் பெரிது. முதல் நாள் முழுவதும் பெரும்பாலும் ஒரு குறியும் தெரியாது. ஆனால் அதற்குரிய மாற்று மருந்தான அசிட்டைல்ஸிஸ்டைன், விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன் தருகிறது.

புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் 1800 116 117 என்ற எண்ணில் எந்நேரமும் ஆலோசனை தருகிறது. ஆனால் வண்டிக்கு 108-ஐ அழைப்பதை அதற்காகத் தாமதிக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது புட்டியையும் மூடியையும் உறையையும் கொண்டுசெல்லவேண்டும். பல நஞ்சுகளைப் பற்றிக்கொள்ளும் மருத்துவக் கரித்தூள் இரும்பைப் பற்றாது. மாத்திரையாக விழுங்கியிருந்தால் எக்ஸ்-ரே படத்தில் வயிற்றில் புள்ளி புள்ளியாகத் தெரிவதுண்டு. சிரப்பாகக் குடித்தது அவ்வாறு தெரியாது, ஆகையால் படம் தெளிவாக இருப்பது குழந்தை குடிக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் இரத்தத்தில் இரும்பின் அளவைப் பார்த்து, இரும்பைக் கட்டி வெளியேற்றும் டெஸ்பெர்ரிஆக்ஸமின் என்ற மருந்து வேண்டுமா என்று வைத்தியர் தீர்மானிப்பார். அந்தப் பரிசோதனை வசதி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் அவருக்குக் கிடைக்கும் ஆதாரம், எத்தனை மணிக்குக் குடித்தது என்ற செய்தியும், குழந்தையின் எடையும், புட்டியின்மேல் உள்ள பென்சில் கோடும்தான்.